ஓணானா பச்சோந்தியா? நிறத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்

கேள்வி: "எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் கழுத்து செக்கச்செவேல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காலையில் பார்த்தபோது மண் நிறத்தில் இருந்தது. அம்மா பச்சோந்தி என்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் ரத்தம் உறிஞ்சி என்கிறார். நிறம் மாறினால் அது பச்சோந்திதானே? பல்லி, ஓணான், பச்சோந்தி மூன்றையும் பார்த்ததும் பிரித்துச் சொல்ல வழி உண்டா?"

உங்கள் முருங்கையில் இருப்பது ஓணான். ஆண் ஓணான். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதும் அதே பிராணிதான், ஆனால் அது யார் ரத்தத்தையும் உறிஞ்சாது. பூச்சி தின்கிற பிராணி அது. இனப்பெருக்க காலத்தில் ஆணுக்குத் தலையும் தொண்டையும் தோளும் சிவக்கும், தொண்டையின் இரண்டு பக்கமும் கருப்புத் திட்டு தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்து யாரோ வைத்த பெயர் ஊர் ஊராக ஒட்டிக்கொண்டது. இன்னொரு ஆணிடம் தோற்றுப்போனால் அதே ஓணான் சற்று நேரத்தில் வெளிறி மண் நிறத்துக்கு வந்துவிடும். நீங்கள் காலையில் ஒரு நிறமும் மதியம் ஒரு நிறமும் பார்த்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அம்மா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பச்சோந்தி என்பது பச்சை ஓந்தி. ஓந்தி என்றால் ஓணான். ஆக, பெயரே பச்சையாக இருக்கும் ஓணான் என்றுதான் சொல்கிறது. நம் ஊரில் உண்மையிலேயே பச்சையாக இருக்கும் ஓர் ஓணானும் உண்டு, அதற்கும் நிறம் மாறும். அப்புறம் குழப்பம் வராமல் எப்படி இருக்கும்? அதனால் நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். பல்லியும் வெளிச்சத்தில் வெளிறும், இருட்டில் கருக்கும். மூன்றும் நிறம் மாறுகிறவைதான், எது எவ்வளவு மாறும் என்பதில்தான் வேறுபாடு. அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது.

காலை வைத்து முடியும். இந்த மூன்றுக்கும் விழாமல் பிடித்துக்கொள்வதுதான் பிழைப்பு. பல்லி ஒட்டிக்கொள்கிறது, ஓணான் நகத்தால் மாட்டிக்கொள்கிறது, பச்சோந்தி கவ்விப் பிடிக்கிறது. பாதம் எப்படியோ அப்படித்தான் அது இருக்கும் இடமும், உட்காரும் விதமும், ஓடும் வேகமும். இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற அடையாளங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் பல்லி. இன்று இரவே பார்த்துவிடலாம். விளக்கு எரியும் அறையின் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பூச்சி பிடிக்க ஒரு பல்லி வந்து நிற்கும். நீங்கள் உள்ளே நின்று அதன் அடிப்பாதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு விரலின் அடியிலும் அகலமான ஒரு மெத்தை, அதன் குறுக்கே வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள், பட்டைகள் நடுவில் பிளந்து ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கும். விரலை முழுதும் மெத்தை மூடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பாதி தூரம் வந்ததும் மெத்தை முடிந்துவிடும், அதற்கு மேல் ஒல்லியான கடைசிக் கணு ஒன்று நகத்தோடு தனியே எழும்பி நிற்கும். நம் வீட்டுப் பல்லிகளின் பேரினத்துக்கு ஹெமிடாக்டைலஸ் என்று பெயர் வைத்ததே இதனால்தான். கிரேக்கத்தில் அதற்குப் 'பாதி விரல்' என்று பொருள்.

அந்தப் பட்டைகளில் பசை எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற இழைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியும் மேலும் பல கிளைகளாகப் பிரிந்து சுவரின் மேற்பரப்போடு அவ்வளவு நெருங்கிப் படிகிறது. அந்த நெருக்கத்தில் மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் வான்டெர்வால்ஸ் ஈர்ப்புதான் பல்லியைத் தாங்குகிறது என்பதை 2002-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிடியை விடுவதற்குப் பல்லி விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டும், நாம் ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து உரிப்பது போல. ஜன்னல் கண்ணாடியில் அது ஒரு அடி எடுத்து வைக்கும்போது இந்தச் சுருட்டல் தெளிவாகத் தெரியும். போனில் ஸ்லோமோஷனில் எடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்த ஒட்டலுக்கு ஓர் எல்லையும் உண்டு. பாதம் நன்றாக நனைந்துவிட்டால் பிடிக்காது. ஈர வாளிக்குள் விழுந்த பல்லி ஏற முடியாமல் சுற்றிச் சுற்றி வருவது அதனால்தான்.

இந்த ஒட்டல் ஒரு திசையில்தான் வேலை செய்யும். இழுத்தால் பிடிக்கும், எதிர்த்திசையில் தள்ளினால் விட்டுவிடும். எனவே சுவரில் தலைகீழாக நிற்கும் பல்லியின் பின்பாதங்களைப் பாருங்கள். விரல்கள் தலைப் பக்கம் பார்த்திருக்காது, பாதத்தையே திருப்பி வால் பக்கமாக, அதாவது மேல்நோக்கி வைத்திருக்கும். உடல் கனம் கீழே இழுக்க இழுக்கப் பிடி இறுகும். பல்லியின் இருப்பு முழுவதும் இப்படித்தான்: வயிறு சுவரோடு படிந்திருக்கும், நான்கு காலும் பக்கவாட்டில் விரிந்திருக்கும், தலை சுவரை விட்டு அதிகம் எழும்பாது. மேலிருந்து பார்த்தால் சப்பட்டை. முன்னங்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்த பல்லியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தலையில் கொண்டையும் இல்லை, முதுகில் முள்ளும் இல்லை. தோல் மெல்லியது, மேலே சிறு சிறு மணிகள் இருக்கும். சில இனங்களில் வாலின் மேல் மட்டும் சின்ன முட்கள் வரிசையாக இருக்கும், அவற்றைக் கொண்டை என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணுக்கு இமை கிடையாது. கண்மணி பூனைக்கு இருப்பது போல நெட்டுக்குத்தாக இருக்கும், தூசி விழுந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். வால் பாதியில் நிறமும் தடிமனும் மாறியிருந்தால் அது அறுந்து முளைத்த வால். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் வால் அப்படி முளைக்காது. எனவே முளைத்த வாலைப் பார்த்தால் அந்த இரண்டையும் அப்போதே தள்ளிவிடலாம். அரணைக்கும் வால் முளைக்கும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் பூசியது போல மினுமினுக்கும் அரணையைப் பல்லி என்று யாரும் குழம்புவதில்லை.

இனி ஓணான். வீட்டைச் சுற்றி நாம் பார்ப்பது பெரும்பாலும் கலோட்டஸ் வெர்சிகலர் என்னும் இனம். 1802-இல் தோதான் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் பெயரிட்டது. வெர்சிகலர் என்றால் நிறம் மாறுவது, ஆக நிறம் மாறுவதை அவரும் கவனித்திருக்கிறார். அந்த இனத்துக்கு அடையாள மாதிரியாக 2016-இல் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தது புதுச்சேரியில் பிடித்த ஓணான். உலகத்தில் எங்கே ஒரு தோட்டத்து ஓணானைப் பிடித்தாலும், இது அதே இனமா என்று பார்க்க அந்தப் புதுச்சேரிக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஓணான் பாதத்தில் மெத்தை கிடையாது. விரல்கள் ஒல்லியாக, நீளமாக, ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக விரிந்திருக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் வளைந்த நகம். பின்காலில் நான்காவது விரல் மற்றவற்றை விட நன்றாக நீண்டிருக்கும், அது தூரத்திலிருந்தே தெரியும். நகம் மாட்ட ஏதாவது சொரசொரப்பு இருந்தால்தான் ஓணான் ஏறும். மரப்பட்டை, வேலி முள், பூசாத செங்கல் சுவர், காய்ந்த தென்னை மட்டை எல்லாவற்றிலும் சரசரவென்று ஏறிவிடும். டைல்ஸ் சுவரிலும் கண்ணாடியிலும் ஏறாது. குளியலறைக்குள் தவறி வந்த ஓணான் மூலையில் தரையோடு தவித்துக்கொண்டிருக்கும், பல்லியோ அதே டைல்ஸில் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். எதன் மேல் இருக்கிறது என்பதே சில நேரம் பதிலைச் சொல்லிவிடும்.

தலைக்குப் பின்னால், கழுத்து தொடங்கும் இடத்திலிருந்து முதுகின் நடுக்கோட்டில் ஒரு முள்வரிசை. ஈட்டி முனை போன்ற செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கழுத்தில் உயரம், முதுகில் போகப் போகக் குறைந்து இடுப்புக்கு முன்பே அடங்கிவிடும். சங்கப் பாட்டில் ஓதி என்று சொல்லி அதன் முதுகைக் கருக்கரிவாளுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். வேலி ஓரத்தில் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தவர் சொன்ன உவமை அது. முள் என்கிறேனே தவிர அது குத்தாது, வளைந்துகொடுக்கும் செதில்தான். செவிப்பறை வட்டமாக, தோல் மட்டத்திலேயே வெளியே தெரியும். அதற்குச் சற்று மேலே இரண்டு சின்ன முள் கொத்துகள், இடையில் இடைவெளி விட்டு. படத்தில் இந்த இரண்டு கொத்துகளும் தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், தோட்டத்து ஓணான் என்று எழுதிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன முள்வரிசைக் கொண்டை நன்றாக வளர்ந்த ஆணுக்கானது. பெண்ணுக்கு அது குட்டையாக இருக்கும். குஞ்சுக்கு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். கொண்டை இல்லாத சின்னதாக ஒன்றைப் பார்த்துப் பல்லி என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அப்போது வாலைப் பாருங்கள். ஓணான் குஞ்சுக்கும் வால் உடம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டு, சாட்டை போலச் சன்னமாக முடியும். வீட்டுப் பல்லிக்கு வால் ஏறக்குறைய உடம்பு நீளம்தான். இன்னும் சந்தேகமென்றால் அரை நிமிடம் கண்ணைப் பாருங்கள். இமைத்தால் பல்லி இல்லை.

இருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. வேலிக்காலின் உச்சியில், சுவர் விளிம்பில், மரத்தின் நடுத்தண்டில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, தலையை நிமிர்த்தி நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருக்கும். வால் நேராகப் பின்னால் தொங்கும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் தண்டால் எடுக்கும், தலையை மேலும் கீழும் ஆட்டும். நீங்கள் கிட்டே போனால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். நீங்களும் சுற்றினால் அதுவும் சுற்றும். அதற்கு மேலும் நெருங்கினால் ஓட்டம்தான். நகத்தால் மாட்டிக்கொள்கிறவனுக்கு ஓடுவது சுலபம், ஒவ்வொரு அடிக்கும் கவ்வி விட வேண்டிய வேலை இல்லை.

பச்சோந்திக்கு அந்த வேலை உண்டு. அதனால்தான் அது மெதுவாகப் போகிறது.

சில வருடங்களுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் காலை பத்து மணி வெயிலில் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கும், தூக்கிய காலோடு முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஆடும், பிறகுதான் வைக்கும். காற்றில் இலை ஆடுவது போல ஒரு நடை. கிளையில் அது நல்ல வேஷம், தார்ச் சாலையில் உயிருக்கு ஆபத்து. தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்து அதன் முன்னால் நீட்டினேன். வாயைத் திறந்து, உடம்பை உப்பவைத்து, என்னைப் பார்த்துச் சீறியது. ஆனால் முன்னங்கால் ஒன்று குச்சியின் மேல் பட்டதும் கவ்விவிட்டது. அப்புறம் அடுத்தது. நான்கு காலும் ஏறியதும் வாலையும் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. குச்சியோடு தூக்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த வேலிக்காத்தான் புதரில் வைத்தேன். இறங்க அதற்கு மனம் வர இன்னும் ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்த ஐந்து நிமிடத்தில் பாதத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக இல்லை. இரண்டு கட்டாக ஒட்டிக்கொண்டு, எதிரெதிரே நின்று, இடுக்கி போலக் குச்சியைப் பிடித்திருந்தன. முன்பாதத்தில் உள்பக்கம் மூன்று விரல், வெளிப்பக்கம் இரண்டு. பின்பாதத்தில் அப்படியே தலைகீழ்: உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. விரல்களைத் தோல் சேர்த்து மூடியிருப்பதால் நகங்களை எண்ணித்தான் கணக்குச் சொல்ல முடியும். நம் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் போல எதிரெதிரே பிடிக்கும் இந்தப் பாதம் பல்லிக்கும் இல்லை, ஓணானுக்கும் இல்லை. ஆண், பெண், குஞ்சு என்ற வித்தியாசமும் இதில் இல்லை. முட்டையிலிருந்து வந்த அன்றே இடுக்கிதான். எனவே பச்சோந்தி என்று அடித்துச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதன் தலையில் இருப்பதையும் கொண்டை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஓணான் கொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓணானுக்கு இருப்பது கழுத்தில் நிற்கும் செதில்கள். பச்சோந்திக்கு மண்டை எலும்பே பின்பக்கம் உயர்ந்து கூம்பிய குல்லா போல நிற்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தலையின் பின்விளிம்பு மேல்நோக்கிக் கூராக எழுந்து, அங்கிருந்து கழுத்து என்று ஒன்று இல்லாமலே முதுகு தொடங்கிவிடும். முதுகின் நடுக்கோட்டில் ரம்பத்துக்கு இருப்பது போல மிகச் சிறிய பற்கள் உண்டு, கிட்டே போனால்தான் தெரியும். தாடைக்குக் கீழேயும் அதேபோல வெளிறிய பல் வரிசை ஒன்று வயிற்றை நோக்கி ஓடும். கண் ஒரு கூம்புக்குள் அடைத்து நடுவில் ஊசித்துளை அளவு விட்டது போல இருக்கும், ஒன்று முன்னால் பார்க்கும்போது இன்னொன்று பின்னால் திரும்பும். செவிப்பறை வெளியே தெரியாது. ஓணானின் கன்னத்தில் தெரியும் அந்த வட்டம் இங்கே இல்லை என்பது படங்களில் நல்ல துணை அடையாளம்.

இருப்பு: உடம்பு இடது வலமாக அமுங்கி இலை போல மெலிந்திருக்கும். பல்லியை மேலிருந்து அழுத்தினால் எப்படியோ, பச்சோந்தியைப் பக்கத்திலிருந்து அழுத்தியது போல. தடித்த மரத்தண்டில் அதைத் தேடாதீர்கள். இடுக்கிக்குள் அடங்கும் அளவுக்குச் சன்னமான கிளைகளில்தான் அது இருக்கும், கிளையின் போக்கிலேயே நீண்டு. ஆள் வருவது தெரிந்தால் ஓடாது, கிளையின் மறுபக்கம் திரும்பிக்கொண்டு மெலிந்த விளிம்பை மட்டும் நம் பக்கம் காட்டும். வால் ஏறக்குறைய உடம்பு நீளம். ஒன்று கிளையில் சுற்றியிருக்கும், இல்லாவிட்டால் கடிகாரச் சுருள் போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஓணானின் வால் வளையும், ஆனால் இப்படிச் சுருளாது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் பச்சோந்தி ஒரே ஓர் இனம்தான், கெமேலியோ செய்லானிகஸ். இலங்கையின் பழைய பெயரைத் தாங்கியது. வறண்ட புதர்க்காடும் முள்வேலியும் உள்ள இடங்களில்தான் பார்க்க வாய்ப்பு. நகரத்து வீட்டுத் தோட்டத்தில் பச்சோந்தி பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் படம் கேட்பேன்.

அப்படிக் கேட்டு வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாப் பொறிகளும் இருந்தன. உறவினர் ஒருவர் குற்றாலத்துக்குப் போனபோது எடுத்தது. இலைப்பச்சை நிறம், குறுக்கே வெளிறிய பட்டைகள், தலை மட்டும் சிவப்பு. கிளையில் உட்கார்ந்திருக்கிறது. "கண் முன்னாலேயே பச்சை போய்க் கருத்துவிட்டது, பச்சோந்தி கன்ஃபார்ம்" என்று கூடவே ஒரு செய்தி. பாதத்தைத் தேடினேன், முன்பாதம் இலைக்குப் பின்னால். பின்பாதம் பாதி தெரிந்தது, அதில் ஒரு விரல் மற்றவற்றை விட்டுத் தனியே நீண்டிருந்தது. இடுக்கிக் கட்டில் ஒரு விரல் மட்டும் அப்படி நீண்டு நிற்காது. தலையைப் பெரிதாக்கினேன். பின்மண்டை தட்டை, குல்லா இல்லை, கழுத்தில் ஈட்டிச் செதில்கள் நிமிர்ந்து நின்றன. செவிப்பறை தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே முட்கள் கொத்தாக இல்லாமல் சீப்பு போல ஒரே வரிசையில் இருந்தன. வால் படத்தின் விளிம்பு வரை போய் அதற்கு மேலும் போயிருந்தது. பச்சை ஓணான், கலோட்டஸ் கலோட்டஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் இலங்கையிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். மிரண்டால் பச்சை மங்கிக் கருமை ஓடும். அம்மாக்களும் உறவினர்களும் பச்சோந்தி என்று சொல்லும் பச்சைப் பிராணிகளில் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

பாதம், கொண்டை, இருப்பு என்ற இந்த மூன்று அடையாளங்களும் கைவிடும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. இரவில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஓணானும் சன்னக் கிளையில்தான் தூங்கும். கிளையோடு படிந்து, கண்ணை மூடி, நிறம் வெளிறிக் கிடக்கும். பச்சோந்தியும் வெளிறித்தான் தூங்கும். அங்கே இருப்பை நம்பக் கூடாது. வால் நேராகத் தொங்குகிறதா சுருண்டிருக்கிறதா, விரல் விரிந்திருக்கிறதா இடுக்கியா என்றுதான் பார்க்க வேண்டும்.

மெத்தை இல்லாத பல்லிகளும் இருக்கின்றன. மலைப் பாறைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் பகலில் ஓடும் சின்னப் பல்லிகளுக்கு விரல் மெலிந்து நகம் மட்டும் இருக்கும், கண்மணியும் வட்டமாக இருக்கும். ஆகவே, மெத்தை இருந்தால் நம் மூன்றில் அது பல்லி என்று சொல்லலாம். மெத்தை இல்லை என்பதால் மட்டும் பல்லி இல்லை என்று சொல்ல முடியாது. இமை இல்லாத கண்தான் அங்கே கைகொடுக்கும்.

மரத்தண்டில் இருந்தால் ஓணான் என்பதும் எப்போதும் சரிவராது. வேப்பமரப் பட்டையில் வளைவு வளைவான கருப்புப் பட்டைகளோடு, வீட்டுப் பல்லியை விடப் பெரிதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது மரப்பல்லி. மெத்தை விரலும் சப்பையாகப் படிந்த உடம்பும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓணான் குடும்பத்திலேயே கொண்டை இல்லாதவையும் உண்டு. பொட்டல் தரையில் திடீரென்று பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடும் விசிறித்தொண்டை ஓணானுக்கு முதுகில் முள்வரிசை கிடையாது. அதற்கும் கால்தான் பதில். பின்பாதத்தில் ஐந்துக்குப் பதில் நான்கே விரல். பாறைகளில் மேலே செம்மஞ்சளும் கீழே கருப்புமாக உட்கார்ந்திருக்கும் பாறை ஓணானுக்கும் சொல்லும்படியான கொண்டை இல்லை.

படம் எடுப்பதாக இருந்தால் மேலிருந்து எடுக்காதீர்கள். முதுகும் வாலும் மட்டும் விழுந்த படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பக்கவாட்டில், பின்கால் ஒன்றும் தலையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். கண்ணாடியில் நிற்கும் பல்லி என்றால் உள்ளிருந்து அடிப்பாதம். பிடித்து வைத்து எடுக்க வேண்டாம். மூன்றுக்கும் விஷம் கிடையாது, பயம் அதற்காக இல்லை. பல்லி வாலை விட்டுவிடும், ஓணான் கடிக்கும். பச்சோந்தியைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உங்கள் முருங்கைக்குத் திரும்பினால், கழுத்துச் சிவப்பை வைத்து மட்டும் நான் ஓணான் என்று சொல்லவில்லை. பாறை ஓணானும் சிவக்கும், பச்சை ஓணானும் சிவக்கும். மண் நிறமும், முருங்கைத் தண்டில் உட்கார்ந்திருப்பதும், வீட்டுத் தோட்டம் என்பதும் சேர்ந்துதான் தோட்டத்து ஓணான் பக்கம் கொண்டுபோகின்றன. உறுதி செய்ய நாளை காலை ஒன்பது பத்து மணி வாக்கில் போங்கள், வெயில் ஏறியதும் அதே இடத்துக்கு வரும். செவிப்பறைக்கு மேலே இரண்டு முள் கொத்துகள் இருக்கின்றனவா, பின்காலில் ஒரு விரல் தனியே நீண்டிருக்கிறதா என்று பார்த்து அம்மாவிடம் காட்டுங்கள். அவர் அப்போதும் பச்சோந்தி என்றுதான் சொல்வார், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பேச்சில் அதன் பெயர் அதுவாகவே இருக்கலாம்.